நோட்டில் 23.60 லட்சம், கையில் 9,000

கேள்வி: ஈரோட்டில் மோட்டார் பம்ப் கம்பெனியில் சேல்ஸ் மேனேஜராக இருக்கிறேன். ஜனவரி–மார்ச் இன்சென்டிவ் போட்டதிலிருந்து பசங்க ஏழு பேரும் "கணக்கு தப்புங்ண்ணா" என்று முறைக்கிறார்கள். கணக்கு சரிதான். அதை விளக்கி எப்படிக் கடிதம் எழுதுவது?

பதில்: கம்பெனியோட விதியில் ஆரம்பிக்காதீங்க. பையனோட பாக்கெட் நோட்டில் ஆரம்பிங்க. நானும் கோபி, சத்தி ரூட்டில் மோட்டார் வித்தவன்தானுங்க. ஒவ்வொரு பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையையும் நோட்டில் எழுதிக் கூட்டி வைத்திருப்போம். மேனேஜர் கடைசித் தொகையை மட்டும் சொன்னால், நடுவில் யாரோ எடுத்துக்கிட்ட மாதிரித்தான் தோணும்.

ஒருத்தரோட கணக்கைப் பார்ப்போம். டார்கெட் 20 லட்சம். நோட்டில் 23.60 லட்சம். 100 சதவீதம் தாண்டினால் 1 சதவீதம் என்பதால், 23,600 ரூபாய் வரும் என்று அவர் மனசில் முடிவு கட்டிட்டார். ஆனால் பில் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கு. அதைக் கழித்தால் சரியா 20 லட்சம். மார்ச் 28-ல் ஒரு டீலர் திருப்பி அனுப்பிய சரக்கு, வரி நீங்கலாக 1.20 லட்சம். மீதி 18.80 லட்சம், அதாவது டார்கெட்டில் 94 சதவீதம். 90-க்கு மேல் 100-க்குள் என்றால் விகிதம் 0.6 சதவீதம்தான். ஆக 11,280. இதிலும் 3.80 லட்சத்துக்கு இன்னும் வசூல் வரலை. அதற்கான 2,280 நிறுத்தி வைக்கப்பட்டிருக்கு. கைக்கு வந்தது 9,000.

கடிதத்தில் இதே வரிசையில், ஒரு படிக்கு ஒரு வரியாகப் போங்க. ரிட்டர்ன் வரியில் டீலர் பெயரும் கிரெடிட் நோட் தேதியும் கட்டாயம் வேணும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். மார்ச் கடைசியில் டார்கெட்டுக்காக டீலர் தலையில் கட்டிய சரக்கு ஏப்ரலில் திரும்பினால் அது எந்தக் காலாண்டில் கழியும் என்பதையும் இப்பவே எழுதிடுங்க. இல்லைன்னா ஜூலையில் இதே பஞ்சாயத்துதான். 2,280 போகலை, பாக்கி வசூலானதும் வரும் என்பதை "நிறுத்திவைப்பு" என்று தனி வரியாகக் காட்டுங்க. "கழிவு" என்று எழுதினால் அந்தப் பணம் போயே போச்சுன்னுதான் படிப்பாங்க.

விதியைப் பொதுக் கடிதமாக எல்லாருக்கும் அனுப்புங்க. தொகையை அவரவருக்குத் தனித்தாளில் கொடுங்க. ஒருத்தர் தொகை இன்னொருத்தருக்குத் தெரிந்தால் பேச்சு கணக்கை விட்டு ஆளைப் பற்றித் திரும்பிடும். பில் பட்டியலையும் கூடவே வைத்து, நோட்டோடு ஒப்பிட ஒரு வாரம் கொடுங்க. உண்மையிலேயே ஒரு பில் விட்டுப்போயிருக்கலாம். எனக்கே ஒரு தடவை பவானி பில் பக்கத்து ஏரியாக்காரர் கணக்கில் ஏறியிருந்துச்சு.

ஒண்ணு மட்டும் நீங்க பார்த்துக்கணும். அந்த 90–100 விகிதம் ஜனவரிக்கு முன்னாடியே பசங்களுக்கு எழுத்தில் போயிருந்ததா? பிப்ரவரியில் மாத்தினதாக இருந்தால் கடிதத்தை எழுதாதீங்க. முதலில் மேலே பேசி, இந்தக் காலாண்டுக்குப் பழைய விகிதத்தையே வாங்கிக் கொடுங்க.