கவுண்ட் நார்மல், ஆனால் ரத்தம் நிற்கவில்லை

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. அடிக்கடி மூக்கில் ரத்தம் வந்து முக்கால் மணி நேரம் நிற்பதில்லை. லேசாக இடித்தாலே கன்றிப்போகிறது. பிளேட்லெட் 2.6 லட்சம், நார்மல்தான் என்கிறார்கள். அப்புறம் எதற்கு ப்ளீடிங் டைம், அக்ரிகேஷன் டெஸ்ட்? – பெரம்பூர் வாசகி

பதில்: டெங்கு வந்துவந்து சென்னையில் எல்லோருக்கும் கவுண்ட் பார்த்தே பழக்கம். ஆனால் எத்தனை பிளேட்லெட் இருக்கிறது என்பதைத்தான் கவுண்ட் சொல்லும். அவை ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்பதைச் சொல்லாது. பிறவியிலேயே ஒட்டும் தன்மை குறைந்த பிளேட்லெட் இருந்தால், 2.6 லட்சம் இருந்தும் ரத்தம் நிற்காது. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுவதால், அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ப்ளீடிங் டைமுக்கு மேல்கையில் பிரஷர் பார்க்கும் பட்டை கட்டி, அழுத்தத்தை 40-ல் நிறுத்தி, முன்கையில் சின்னதாகக் கீறுவார்கள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஃபில்டர் பேப்பரால் ரத்தத்தை மட்டும் ஒற்றுவார்கள், காயத்தைத் தொட மாட்டார்கள். பொதுவாக ஏழெட்டு நிமிடத்துக்குள் நின்றுவிடும். கவுண்ட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனாலும் இந்த நேரம் நீளும். அதனால் கவுண்ட் குறைந்தவர்களுக்கு இது எதையும் பிரித்துக் காட்டாது. உங்கள் மகளுக்குக் கவுண்ட் சரியாக இருப்பதால்தான் இதற்கு மதிப்பு. காது மடலில் குத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம். நேரம் நார்மலாக வந்தாலும், லேசான குறை இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

கோளாறைப் பிரித்துக் காட்டுவது அக்ரிகேஷன் டெஸ்ட். பிளேட்லெட் மிதக்கும் கலங்கிய பிளாஸ்மாவில் ஒவ்வொரு மருந்தாகச் சேர்ப்பார்கள். பிளேட்லெட் ஒட்டித் திரண்டால் கலங்கல் தெளிந்து, கிராஃபில் கோடு ஏறும். ஏடிபி, கொலாஜன், அட்ரினலின் மூன்றுக்கும் கோடு படுத்தே கிடந்து, ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் ஏறினால், அது பெரும்பாலும் கிளான்ஸ்மான் கோளாறு. தலைகீழாக, ரிஸ்டோசெட்டினுக்கு மட்டும் ஏறாமல், பிளேட்லெட் ராட்சத அளவில், கவுண்டும் குறைந்திருந்தால் பெர்னார்ட் சூலியர் கோளாறு. இதை, உடலின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழிக்கும் ஐடிபி என்று நினைத்து வருடக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுப்பது நடக்கிறது. கண்ணாடியில் ரத்தத்தைத் தடவிய ஸ்மியரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே சந்தேகம் வந்துவிடும். மெஷின் அந்தப் பெரிய பிளேட்லெட்டை எண்ணாமலே விட்டுவிடலாம். நார்மல் பிளாஸ்மா சேர்த்ததும் ரிஸ்டோசெட்டின் கோடு ஏறினால், பிளேட்லெட்டில் குறையில்லை, பிளேட்லெட் ஒட்ட உதவும் பிளாஸ்மா புரதமான வான் வில்லிபிரான்ட் காரணி பக்கம் தேட வேண்டும்.

இந்த டெஸ்ட் கெட்டுப்போவது பெரும்பாலும் லேபுக்கு வெளியேதான். ஆஸ்பிரின் கொடுத்திருந்தால் பத்து நாளாவது இடைவெளி வேண்டும். இப்யூபுரோஃபென் கொடுத்திருந்தாலும் முன்பே சொல்லுங்கள். வீட்டில் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் அனுப்புவது கூடவே கூடாது. குளிர்ந்தால் பிளேட்லெட் கெட்டுவிடும், நான்கு மணி நேரத்துக்குள் டெஸ்டும் முடிய வேண்டும். எனவே குழந்தையைக் காலையில் லேபுக்கே அழைத்துப் போங்கள். அன்று எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். கொழுப்பால் பிளாஸ்மா கலங்கினால் கிராஃப் தவறாகும்.

ரிசல்ட் வரும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள். பல் பிடுங்குவதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.