ரோபோ வைத்துச் செய்தால் க்ளெய்ம் குறையுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வலது முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும். ரோபோட்டிக் முறையில் செய்யலாம் என்கிறார்கள். எஸ்டிமேட் 3,60,000 ரூபாய். அதில் ரோபோ கட்டணம் மட்டும் 70,000. 5 லட்சத்துக்கு ஆரோக்ய சஞ்சீவனி மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி ஐந்து வருடமாக விடாமல் புதுப்பித்து வருகிறோம். முழுப் பணமும் கிடைக்குமா?

பதில்: முழுதாகக் கிடைக்காது. ஆனால் ரோபோ வைத்துச் செய்தார்கள் என்பதற்காகவே க்ளெய்மை நிராகரிக்கவும் முடியாது. 2019-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட விதிமுறைகளில் நவீன சிகிச்சைகள் என்று 12 இனங்கள் பட்டியலிடப்பட்டன. ரோபோட்டிக் அறுவை சிகிச்சை, கண்ணுக்குள் போடும் ஊசி, வாய்வழி கீமோதெரபி, புராஸ்டேட் லேசர் சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. இவற்றைப் பாலிசியிலிருந்து விலக்கக்கூடாது. உச்சவரம்பு மட்டும் வைத்துக்கொள்ளலாம். உங்கள் சிக்கல் அந்த வரம்பில்தான் இருக்கிறது.

ஆரோக்ய சஞ்சீவனியில் இந்த 12 இனங்களுக்கும் வரம்பு, காப்பீட்டுத் தொகையில் 50 சதவீதம். உங்களுக்கு அது 2,50,000. ரோபோ கட்டணத்துக்கு மட்டும்தான் இந்த வரம்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாலிசி வாசகமோ சிகிச்சையைச் சொல்கிறது, கருவியின் வாடகையைச் சொல்லவில்லை. அதனால் கம்பெனி அந்த அட்மிஷனின் மொத்தச் செலவையும் வரம்புக்குள் அடக்கப் பார்க்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கையுறை, டயப்பர் மாதிரி கம்பெனி பணம் தராத சாமான்கள் 8,000 என்றும், அறை வாடகை அனுமதித்த அளவுக்குள் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஏற்கத்தக்க செலவு 3,52,000. வரம்பு வெட்டியபின் 2,50,000. அதில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கான கோ-பே 5 சதவீதம் போனால் கைக்கு வருவது 2,37,500. நீங்கள் கட்டுவது 1,22,500. இதையே ரோபோ இல்லாமல் செய்தால் பில் 2,90,000. இங்கே 50 சதவீத வரம்பு கிடையாது. 8,000-ஐக் கழித்து 2,82,000, கோ-பே போக 2,67,900. உங்கள் பங்கு 22,100தான். ஆக, 70,000 ரூபாய் ரோபோவுக்காக உங்கள் கையிலிருந்து கூடுதலாகப் போவது 1,00,400.

வேறு கம்பெனி பாலிசிகளில் கதை வேறு. சிலவற்றில் ரோபோட்டிக்குக்கு 1 லட்சம்தான் வரம்பு, ஆனால் புற்றுநோய் அறுவைக்கு அந்த வரம்பு இல்லை. சிலவற்றில் முழுத் தொகையும் உண்டு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

வரம்புக்குள் இருந்தாலும் கம்பெனி டாக்டர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த முறை இவருக்கு ஏன் தேவை? 'துல்லியமானது, அதிநவீனமானது' என்ற சான்றிதழ் அவரிடம் எடுபடாது. சாதாரண முறையில் தொடை எலும்பின் உட்குழிக்குள் ஒரு கம்பியைச் செலுத்தித்தான் வெட்டும் கோணத்தைக் கணிப்பார்கள். பழைய முறிவுக்கு வைத்த பிளேட்டோ ராடோ அங்கே இருந்தால், அல்லது எலும்பு வளைந்து கூடியிருந்தால், கம்பி போகாது. அப்படி ஒரு காரணம் இருந்தால் எக்ஸ்ரேயோடு சர்ஜன் எழுதித் தரட்டும். அப்படி எதுவும் இல்லையென்றால், இந்தப் பாலிசியை வைத்துக்கொண்டு ரோபோவைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன்.

ரோபோவில் ஒருமுறை மட்டும் பயன்படும் உறை, பின், எலும்பைச் செதுக்கும் பர் போன்றவற்றுக்குத் தனியாகப் பில் போட்டால் அதிலும் வெட்டு விழும். அறுவைக் கருவிகளின் செலவு ஆபரேஷன் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியது என்பார்கள்.

அட்மிஷனுக்கு முன்பே, கம்பெனி சார்பில் க்ளெய்மைக் கவனிக்கும் டிபிஏவுக்கோ கம்பெனிக்கோ மெயில் அனுப்பி இரண்டு விஷயம் கேளுங்கள்: வரம்பு மொத்தச் செலவுக்கா, ரோபோ கட்டணத்துக்கு மட்டுமா? மருத்துவமனையோடு பேசிய பேக்கேஜ் கட்டணத்தில் ரோபோ அடங்குமா? பதில் எழுத்தில் வரட்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 முதல் விதி. ஆனால் அந்த முதல் அனுமதி ஒரு தொகைதானே தவிர, இறுதி பில்லுக்கான உத்தரவாதம் அல்ல.

'ரோபோ என்று எழுதாமல் பில் போட்டுத் தருகிறோம்' என்று மருத்துவமனையில் யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆபரேஷன் குறிப்பில் அது இருக்கும். தகவலை மறைத்தார்கள் என்று மொத்த க்ளெய்மும் போய்விடும்.

மூட்டு மாற்றத்துக்குப் பதிலாக ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது சொன்னால், பட்டியலில் 'ஸ்டெம் செல்' இருக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். அங்கே இருப்பது ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்றம் மட்டும். முழங்காலுக்குப் போட்டால், நிரூபிக்கப்படாத சிகிச்சை என்ற Excl16 விலக்கைக் காட்டி மறுப்பார்கள்.

வெட்டு நியாயமில்லை என்று தோன்றினால், எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேட்டு வாங்கி, கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தியில்லை என்றால் இத்தகைய புகார்களைத் தீர்க்கும் காப்பீட்டு ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் கொடுக்க வேண்டும்; கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.