புதுச்சேரியில் தங்கிக்கொண்டே ஆடிப்பெருக்கு கும்பிடலாமா?

கேள்வி: ஆகஸ்ட் முதல் வாரம் குடும்பத்தோடு புதுச்சேரி வருகிறோம். ஆடிப்பெருக்கு அங்கேதான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் கும்பிட்டே பழக்கம். மகளுக்குத் தலை ஆடி, தாலிக்கயிறு மாற்ற வேண்டும். லாட்ஜில் அடுப்பும் கிடையாது. எங்கே, எப்படிச் செய்வது?

கும்பகோணத்துப் பக்கம் பிறந்து கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். பதினெட்டாம் பெருக்குக்கு என் பிறந்த வீட்டு உறவுகள் யாராவது புதுச்சேரியில் அறை போட்டுக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தப் பக்கத்து ஆறுகளில் ஆடியில் பெருக்கை எதிர்பார்க்காதீர்கள். காவிரிக்கு ஆடியில் தண்ணீர் வருவது குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையால். இங்கே கடலில் சேரும் தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி மூன்றிலும் வெள்ளம் வருவதென்றால் ஐப்பசி, கார்த்திகையில்தான். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை கடலூர் ஓரத்துக் குடியிருப்புகளுக்குள்ளேயே வந்துவிட்டது. அதே ஆறு ஆடி மாதத்தில் பல வருஷம் வெறும் மணலாகக் கிடக்கும். அம்மா மண்டபத்துப் படித்துறையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் பெரியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அதனால்தான் கடலூர்க்காரர்கள் ஆற்றங்கரைக்குப் போவது போலவே தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போகிறோம். காவிரியே கடைசியில் பூம்புகாரில் கடலில்தானே சேர்கிறது என்று என் மாமியார் சொல்வார். அதற்கு மேல் யாரும் சாஸ்திரம் கேட்டதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை எனக்குப் பிடித்தவை இரண்டு. படித்துறையும் கோயிலும் சேர்ந்து வேண்டும் என்றால் வில்லியனூருக்கு அந்தப் பக்கம் திருக்காஞ்சி. சங்கராபரணிக் கரையில் கங்கைவராக நதீஸ்வரர் கோயில் இருக்கிறது. 2023-இல் புஷ்கரணி விழா நடந்த இடம், முதியவர்களுக்கு வசதி. முந்தின நாளே ஒருவர் போய்ப் படி வரைக்கும் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். தண்ணீர் பாசி பிடித்து அசையாமல் நின்றால் அதில் காலை வைக்காமல், ஒரு சொம்பு நல்ல தண்ணீரைப் படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

உங்கள் வீட்டில் தலை ஆடி என்பதால் நான் தேவனாம்பட்டினத்தைத்தான் சொல்வேன். புதுச்சேரியிலிருந்து 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அன்றைக்குப் புதுமணத் தம்பதிகள் நிறையப் பேர் வருவார்கள், மாலையும் மஞ்சளுமாகக் கரை முழுக்க ஆட்கள். உங்கள் மகளுக்கு ஊர் விட்டு ஊர் வந்த கூச்சம் இருக்காது.

புதுச்சேரி கடற்கரைச் சாலையிலேயே முடித்துவிடலாமே என்று நினைப்பீர்கள். அங்கே பெரும்பகுதி கருங்கல் குவியல். ஈரமான கல்லில் பாசி வழுக்கும், தாம்பாளத்தோடு இறங்கும் இடம் இல்லை. படகில் போகும் சுண்ணாம்பாறு கடற்கரையும் வேண்டாம், டிக்கெட் வரிசையில் நிற்பதிலேயே காலை நேரம் போய்விடும்.

எதை எங்கே செய்வது என்று பிரித்துக்கொள்வதுதான் இதில் முக்கியம். கயிறு மாற்றுவதை அறையில் வைத்துக்கொள்ளுங்கள், தீபத்தைக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அறையில் சூடமும் சாம்பிராணியும் ஏற்றினால் புகை மணி அலறும், விடுதிக்காரர் ஓடி வருவார். கடற்கரையில் உட்கார்ந்து தாலியைக் கோர்த்தால் குண்டோ காசோ நழுவி மணலில் விழும். ஆடிக் காற்றில் முந்தானையைப் பிடிப்பதா, கயிற்றைப் பிடிப்பதா? விழுந்த குண்டுமணியை மணலைச் சலித்துத் தேடிய ஒரு குடும்பத்தை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பண்டிகை அதோடு முடிந்தது.

அறையில் இப்படிச் செய்யுங்கள். கீழே வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் தாம்பாளம். மகள் கிழக்குப் பார்த்து உட்காரட்டும். ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டி அதை முதலில் கழுத்தில் போட்டுவிடுங்கள், கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. அப்புறம் பழைய கயிற்றைக் கழற்றி, தாலியையும் குண்டுகளையும் எந்த வரிசையில் இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, புதுக் கயிற்றில் கோருங்கள். இந்த வரிசை வீட்டுக்கு வீடு மாறும், சம்பந்தி வீட்டு வழக்கம் வேறாகவும் இருக்கும். முந்தின நாள் அவர்களிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. கோர்த்ததை உடனே கட்டினாலும் சரி, கடற்கரையில் மஞ்சள் பிள்ளையார் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு அங்கே கட்டினாலும் சரி. கோர்க்கும் வேலை மட்டும் அறையில் முடிந்திருக்க வேண்டும். நேரம் பார்க்கும் வீடு என்றால் கிழமையைக் கவனியுங்கள். பெருக்கு பெரும்பாலும் ஆகஸ்ட் 3-இல் வரும், கிழமைதான் வருஷத்துக்கு வருஷம் மாறும். திங்களாக இருந்தால் 7.30 முதல் 9 வரை ராகு காலம். சூரியன் எழுவது 6 மணிக்குக் கொஞ்சம் முன்னால். அதனால் விடிவதற்குள் கோர்த்துவிட்டுக் கிளம்பினால் 7 மணிக்குள் கரையில் இருக்கலாம், 7.30-க்குள் கட்டியும் முடிக்கலாம்.

கரையில் எதிரி காற்றுதான். காலையில் தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து திரும்பி அடிக்க ஆரம்பித்தால் மணல் கண்ணில் விழும். ஈர மணலில் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, தோண்டிய மணலைக் காற்று வரும் பக்கம் சிறு மேடாகக் குவித்து, குழிக்குள் அகலை வையுங்கள். விளக்கு நிற்கும். மாவிலையிலோ பாக்கு மட்டையிலோ விளக்கேற்றி மிதக்க விடுவது ஆற்றுக்குத்தான் சரி, இங்கே முதல் அலையிலேயே கவிழ்ந்துவிடும். குழிக்கு முன்னால் மஞ்சள் பிள்ளையார், வெற்றிலை பாக்கு, பழம், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறுகள். கும்பிட்டு முடிந்ததும் பெரியவர் ஒருவர் பெண்களுக்குக் கழுத்திலும் ஆண்களுக்கு மணிக்கட்டிலும் கயிறு கட்டிவிடுவார். இது அம்மா மண்டபத்தில் செய்வதுதான், மாற்றம் ஒன்றும் இல்லை.

கல்யாண மாலையைக் கொண்டுவந்து விடும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், மாலையை முழுதாக வீசாதீர்கள். ஜரிகையும் நைலான் நூலும் கடலுக்கு வேண்டாம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆறு கொண்டுபோகும், கடல் திருப்பிக் கொடுக்கும். நீங்கள் விட்ட மாலை பத்தடி தள்ளிக் கரை ஒதுங்கி மிதிபடுவதைப் பார்த்தால் மனசு சங்கடப்படும். பூவை மட்டும் உதிர்த்து, அலை உள்ளே இழுக்கும் நேரம் பார்த்து விடுங்கள். பழைய தாலிக்கயிற்றை ஊருக்குக் கொண்டுபோய்ச் செடிக்கடியில் போட்டுவிடலாம். கணுக்கால் தண்ணீருக்கு மேல் யாரும் இறங்க வேண்டாம். இந்தக் கரையோரத்தில் அடியில் இழுப்பு உண்டு, வருஷா வருஷம் குளிக்க இறங்கியவர்கள் போயிருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சித்ரான்னம் இல்லாமல் பெருக்கு இல்லை, ஆனால் அடுப்பு இல்லாமல் சித்ரான்னம் செய்ய முடியும். ஊரிலிருந்தே புளிக்காய்ச்சலைக் கெட்டியாகக் காய்ச்சி ஒரு பாட்டிலில் கொண்டுவாருங்கள். எலுமிச்சை சாதத்துக்குக் கடுகு, கடலைப்பருப்பு, மிளகாய், மஞ்சள்தூள் எல்லாம் நல்லெண்ணெயில் தாளித்து, தண்ணீர் படாமல் ஒரு டப்பாவில். கறிவேப்பிலை மொறுமொறுவென்று வறுபட்டிருக்க வேண்டும். புதுச்சேரியில் ஏதாவது ஒரு மெஸ்ஸில் முந்தின நாள் சொல்லிவைத்தால் காலையில் வெறும் சாதம் தருவார்கள். ஆறு பேருக்கு முக்கால் கிலோ அரிசிச் சாதம் போதும். குழையாமல் உதிரியாக வடிக்கச் சொல்லுங்கள், சூட்டோடு மூடாமல் அகலப் பாத்திரத்தில் ஆறவிட்டு அப்புறம் கிளறுங்கள். எலுமிச்சையைக் கிளறும் நேரத்தில் பிழிந்தால் போதும். தயிர்சாதத்துக்குப் பால் பாக்கெட்டும் தயிர் பாக்கெட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும், தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டிப் பிசையுங்கள், புளிக்காது. தேங்காய் சாதத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். இருப்பதிலேயே முதலில் கெடுவது அதுதான். தொட்டால் நூல் மாதிரி பிசுபிசுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம், வாசனை வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் காப்பரிசி. இதற்கு அடுப்பே வேண்டாம், நைவேத்தியமும் இதுதான். ஒரு டம்ளர் பச்சரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். முக்கால் டம்ளர் பொடித்த வெல்லம், ஒரு கைப்பிடி தேங்காய்ப் பல், பொட்டுக்கடலை, வறுத்த எள், ஏலக்காய் சேர்த்துப் பிசைந்தால் ஆயிற்று. ஈரம் மிச்சமிருந்தால் வெல்லம் இளகிக் கஞ்சியாகிவிடும். அரிசி மணி விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் வெல்லத்தைச் சேர்க்க வேண்டும். இரவுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

சாமான்களை ஊரிலிருந்து சுமக்க வேண்டாம். மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, பூ, வெற்றிலை எல்லாம் புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் முந்தின நாள் மாலையே வாங்கிவிடலாம். கடலூரில் வாங்குவதென்றால் திருப்பாப்புலியூர் பான்பரி மார்க்கெட்.

கும்பிட்டு முடித்துக் கையில் நேரம் இருந்தால் திருவந்திபுரம் தேவநாத சுவாமி கோயிலுக்குப் போய் வாருங்கள். கெடிலக் கரையில் இருக்கிறது. முகூர்த்த நாளில் அங்கே கல்யாண கூட்டத்தில் நுழையவே முடியாது, ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள் என்பதால் நிம்மதியாகச் சேவிக்கலாம்.

குழந்தைகள் இருந்தால் சப்பரத்தை மறக்காதீர்கள். மணலில் சக்கரம் புதையும், அதனால் கடற்கரைக்குக் கொண்டுபோக வேண்டாம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடமாட்டார்கள். கலர் பேப்பர் ஒட்டிய சப்பரத்தை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடலாம். 7 மணிக்கு மேல் காந்தி சிலைப் பக்கம் கூட்டம் நெருக்கும், அதற்கு முன் இழுத்து முடித்துவிடுங்கள். சக்கரத்தோடு மரச் சப்பரம் இங்கே கடையில் கிடைப்பது சிரமம், அதை மட்டும் திருச்சியிலேயே வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு வாருங்கள்.