பாரோவா, லெண்டா? பொருள் யார் கையில் போய்ச் சேருகிறது?

"ஆங்கிலத்தில் அஃபெக்ட், எஃபெக்ட் கூடப் பிடிபட்டுவிட்டது. பாரோ–லெண்ட், பிரிங்–டேக் இந்த நாலும் மெயில் எழுதும்போது மாறி மாறி வந்துவிடுகின்றன. எப்படி நிதானிப்பது?"

அஃபெக்ட், எஃபெக்டில் ஒலிதான் குழப்புகிறது. இந்த நாலும் அப்படியில்லை, இங்கே மாறுவது திசை. பாரோ என்றால் கடன் என்று பாதி அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்திருப்போம், வாங்குவதா கொடுப்பதா என்ற மீதிப் பாதி விட்டுப்போயிருக்கும். பாரோ என்பது இரவல் வாங்குவது, லெண்ட் என்பது இரவல் கொடுப்பது. வாக்கியத்தின் எழுவாய் யார் என்று பாருங்கள், அவர் வாங்குகிறாரா கொடுக்கிறாரா என்று கேளுங்கள், சரியான சொல் தானாக வந்துவிடும். சார்ஜர் கேட்கிறீர்கள் என்றால் வாங்குவது நீங்கள், அதனால் "கேன் ஐ பாரோ யுவர் சார்ஜர்?" எழுவாய் எதிராளி என்றால் கொடுப்பது அவர், அதனால் "கேன் யூ லெண்ட் மீ யுவர் சார்ஜர்?"

எழுதியதைச் சரிபார்க்க, பின்னால் வரும் சிறு சொல்லைப் பாருங்கள். பாரோவுக்கு ஃப்ரம், லெண்டுக்கு டு. "ஐ பாரோட் தி ஹார்ட் டிஸ்க் டு தி அக்கவுண்ட்ஸ் டீம்" என்று ஒரு மெயில் போனால் டிஸ்க் இப்போது உங்களிடம் இருக்கிறதா அவர்களிடம் இருக்கிறதா என்றே படிப்பவருக்குப் புரியாது. கொடுத்தது நீங்கள் என்றால் "ஐ லென்ட் தி ஹார்ட் டிஸ்க் டு..." என்றுதான் எழுத வேண்டும். இன்னொன்று, எடுத்துப்போக முடியாத பொருளுக்குப் பாரோ அவ்வளவாகப் பொருந்தாது. பாத்ரூமைக் கேட்கும்போது யூஸ் போதும்.

பிரிங்–டேக் விஷயத்தில் நம்மைக் குழப்புவது நம் "எடுத்துட்டு வா"தான். எடு என்று ஆரம்பிப்பதால் கை உடனே டேக் போட்டுவிடுகிறது, "டுமாரோ டேக் யுவர் ஐடி கார்டு வென் யூ கம்" என்று எழுதிவிடுகிறோம். முதல் வினையை விட்டுவிட்டுக் கடைசி வினையைப் பாருங்கள். வா என்று முடிந்தால் பிரிங், போ என்று முடிந்தால் டேக். இது பெரும்பாலும் ஏமாற்றாது, ஏனென்றால் பேசுபவர் இருக்கும் இடத்துக்கு மட்டுமில்லாமல் கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் தமிழில் "வருகிறேன்" என்றுதானே சொல்கிறோம், ஆங்கிலமும் அப்படியே. நண்பரிடம் போனில், "லேப்டாப்பை உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரேன்", அதாவது "ஐ வில் பிரிங் தி லேப்டாப் டு யுவர் பிளேஸ்." போனை வைத்துவிட்டு வீட்டில் இருக்கும் தம்பியிடம், "லேப்டாப்பை அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்", இங்கே "ஐ ஆம் டேக்கிங் தி லேப்டாப் டு தேர் பிளேஸ்." பயணம் ஒன்றுதான், யாரிடம் சொல்கிறோம் என்பது மாறியதும் சொல்லும் மாறிவிட்டது.

நீங்களும் கேட்பவரும் சேர்ந்து மூன்றாவது இடத்துக்குப் போகிறீர்கள் என்றால் இரண்டையுமே சொல்வார்கள். கிளம்பும் இடத்திலிருந்து பார்த்தால் டேக், போய்ச் சேரும் இடத்தை நினைத்தால் பிரிங், அங்கே தவறு என்று யாரும் திருத்த மாட்டார்கள்.