நைராவில் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மன்னார்குடி, இப்போது லாகோஸ்: அண்ணே, மாசம் 15 லட்சம் நைரா. ஒப்பந்தம் புதுப்பிக்கப் போறாங்க. எவ்வளவு கூட்டிக் கேக்கலாம்?

தம்பி, எவ்வளவு என்பதை விடுங்க, எந்தக் காசில் எழுதுறாங்க என்பதைப் பிடிங்க. 2023 ஜூனில் நைஜீரியாவில் நைரா விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும்னு மிதக்க விட்டாங்க. அதுக்கு முன்னால வங்கி விலையில் ஒரு டாலர் சுமார் 470 நைரா. 2024 பிப்ரவரி கடைசியில் சுமார் 1,500. அதே 15 லட்சம் முதலில் 3,190 டாலர், எட்டு மாசம் கழிச்சு 1,000 டாலர். நடுவில் 30 சதவீதம் ஏத்திக் கொடுத்திருந்தாலும் 1,300தான்.

அதனால "சம்பளம் இத்தனை டாலர், நைராவில் தரப்படும்"னு எழுதச் சொல்லுங்க. அதோட நிறுத்தினா ஏமாந்துடுவீங்க. எந்த விலை? மத்திய வங்கி வெளியிடும் அன்றைய முடிவு விலை. எந்த நாள்? பணம் உங்க கணக்கில் ஏறும் நாள். நாளை எழுதலைன்னா கணக்குப் பிரிவு வருஷ ஆரம்பத்து விலையையே டிசம்பர் வரை இழுக்கும்.

தாமதத்துக்கும் ஒரு வரி வேணும். சம்பளம் 1,000 டாலர், 25ஆம் தேதி வரணும், அன்னிக்கு விலை 1,400ன்னு வைங்க. கொடுக்கிறது அடுத்த மாசம் 10ஆம் தேதி, அதுக்குள்ள விலை 1,500. அவங்க பழைய கணக்குப்படி 14 லட்சம் போட்டா உங்க கைக்கு வந்தது 933 டாலர்தான். "இரண்டு நாளில் எது கூடுதலோ அந்த விலை"ன்னு இருந்தா இது நடக்காது.

கம்பெனிக்கு வரவே நைராவில்தான்னா மறுப்பாங்க, அதிலும் நியாயம் இருக்கு. அப்போ பாதியை டாலர் கணக்கில் கேளுங்க, மீதிக்கு மூணு மாசத்துக்கு ஒருமுறை திருத்தம். விலைவாசி வருஷம் 30 சதவீதம் ஏறினா, ஒரே சம்பளம் வருஷ முடிவில் ஆரம்பத்தில் வாங்கினதில் 77 சதவீதம்தான் வாங்கும். மூணு மாசத்தில் திருத்தினா 93க்குக் கீழ போகாது.

கும்பகோணம்: பையன் அங்க ஒருத்தர்கிட்ட நைராவைக் கொடுக்கிறான், மறுநாளே என் கணக்குல ரூபாய் விழுது. விலையும் நல்லா கிடைக்குதே தம்பி, தொடரலாமா?

அம்மா, உடனே நிறுத்தச் சொல்லுங்க. அது உண்டியல். அந்த நைரா இந்தியாவுக்கு வர்றதே இல்லை. உங்க கணக்கில் விழுறது இங்க யாரோ போடுற ரூபாய், அது சைபர் மோசடியில் பறிச்ச காசாகவும் இருக்கலாம். பறிகொடுத்தவர் புகார் கொடுத்தா, பணம் போன வழியில் இருக்கிற கணக்கெல்லாம் முடங்கலாம். அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அந்தத் தொகையைப் போல மூணு மடங்கு வரை அபராதம் போடவும் இடமிருக்கு.

கண்டுபிடிக்க ஒரு வழி: பையன் பேரில் உள்ள என்.ஆர்.ஈ. கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்க. அதில் வெளிநாட்டிலிருந்து வந்த பணம்தான் ஏறும், யாரோ ஒருத்தர் உள்ளூர் ரூபாயைப் போட முடியாது. "அது வேணாம், அம்மா கணக்கு நம்பர் கொடுங்க"ன்னு சொன்னா உண்டியல்தான். சம்பளச் சீட்டு, வரி கட்டின சான்று, வேலை அனுமதி மூணையும் வச்சு, அங்க இருக்கிற வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புற விண்ணப்பமான ஃபார்ம் ஏ போட்டு அனுப்புறது மெதுவான வழி. விலை கொஞ்சம் குறையும், ஆனா உங்க பாஸ்புக் சுத்தமா இருக்கும்.

நாகப்பட்டினம்: இவ்வளவு எதுக்கு? தங்கம் வாங்கிட்டா போதும்.

பாதி சரி. தங்கம் மதிப்பைக் காக்கும். ஆனா நகையா வாங்கினா செய்கூலி போயிடும். ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்து திரும்புற ஆண் 20 கிராம் நகையும் பெண் 40 கிராமும்தான் தீர்வையில்லாமல் கொண்டுவரலாம். மாசாமாசம் மிஞ்சுற சம்பளத்துக்கு இது ஈடு கொடுக்காது.

திருத்துறைப்பூண்டி: துபாய்ல திர்ஹாம் சம்பளம். நானும் மாத்தி வைக்கணுமா?

வேணாம். ஒரு டாலருக்கு 3.6725ன்னு கட்டி வச்ச காசு அது.

தஞ்சாவூர்: டாலர் மதிப்பில் ஓடுற கிரிப்டோ காசு யு.எஸ்.டி.டி. வாங்கி இங்க வித்தா வேலை முடிஞ்சுது. யாரும் ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?

லாகோஸில் வாங்கி வைக்கிற வரை நைரா சரிவிலிருந்து தப்பலாம். இங்க விக்கிறபோதுதான் சிக்கல். லாபத்துக்கு 30 சதவீத வரி, விக்கிற தொகையில் 1 சதவீதம் பிடித்தம். வாங்குறவர் முன்பின் தெரியாதவர்னா, அந்த அம்மாவுக்குச் சொன்ன அதே முடக்கம்.

தஞ்சாவூர்: ஒரு வருஷமா விக்கிறேன், ஒண்ணும் ஆகலையே.

புகார் பதிவாகி உங்க வங்கிக்கு வந்து சேர மாசக்கணக்கில் ஆகலாம்.

திருவாரூர்: எனக்கு அப்படித்தான் ஆச்சு. வெளிமாநில போலீஸ், நாலு மாசமா முடக்கம். விசாரிச்சா அங்க வரச் சொல்றாங்க.

தஞ்சாவூர்: சரி, டாலரும் கிடைக்காம வங்கி இழுத்தடிச்சா நைராவை எங்கதான் வைக்கிறது?

நியாயமான கேள்வி. முழுசா அடைக்கிற வழி என்கிட்டயும் இல்லை. வங்கியில் டாலரா வைக்கிற டொமிசிலியரி கணக்கு ஒண்ணு திறந்து, கிடைக்கிறபோது கிடைக்கிறதை மாத்திக்கிட்டே வாங்க.

வலங்கைமான்: சின்னத் தொகைக்கு உண்டியல் பரவாயில்லையா?

மேலே சொல்லியாச்சு. இல்லை.

பட்டுக்கோட்டை: சம்பளம் ஏறின அன்னிக்கே என்ன செய்யணும் அண்ணே?

ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்துக்கு அன்னிக்கே ஃபார்ம் ஏ போடுங்க, மாசக் கடைசிக்குத் தள்ளாதீங்க. லாகோஸில் வாடகை வருஷம் முழுசுக்கும் முன்பணமாக் கேப்பாங்க, அதுக்கு 12இல் ஒரு பங்கை டாலரா ஒதுக்குங்க. 50 கிலோ அரிசி மூட்டை, எண்ணெய், பருப்பு மூணு மாசத்துக்கு அன்னிக்கே வாங்கிடுங்க. மூட்டையைத் தரையில் வைக்காம பலகை மேல ஏத்துங்க, ஈரம் பட்டு வண்டு வைச்சா மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும். ஒரு மாசச் செலவுக்கு மட்டும் கையில் நைரா.