ஜெர்பராவின் குருத்து அழுகினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: ஜெர்பரா அழுகிச் சாகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (பொகவந்தலாவ)

ப: சாடியா பாத்தியா, தண்ணீர் எப்படி ஊற்றுகிறீர்கள், ஒன்றுமே எழுதவில்லை. இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? மண் ஈரமாக இருந்தும் இலை வாடுகிறதா என்று பாருங்கள். வாடினால் வெளி இலை ஒன்றைப் பிடித்து இழுங்கள். அடி கறுத்து, வழவழவென்று கையோடு வந்தால் குருத்தழுகல். அடுத்த பதிலை வாசியுங்கள்.

கே: செடி ஆடியதால் மண் அணைத்துக் கட்டினேன். இப்போது நடு இலைகளே கறுக்கின்றன. (நுவரெலியா)

ப: மலையகத்தில் நான் பார்க்கும் ஜெர்பரா சாவில் பாதி இந்தப் பழக்கத்தால்தான். உருளைக்கிழங்குக்கு மண் அணைப்பது கிழங்கு வெயில் பட்டுப் பச்சையாகாமல் இருக்க; லீக்சுக்கு அணைப்பது தண்டு வெளுக்க. ஜெர்பராவுக்கோ நிமிர்ந்த தண்டே கிடையாது. இலையும் மொட்டும் தரையோடு இருக்கும் அந்த ஒரே குருத்திலிருந்துதான் வருகின்றன. அதை மண்ணால் மூடினால் ஈரம் காயாது, அழுகல் கிருமி புகுந்துவிடும்.

செடியை முழுதாகக் கிளப்பி, மண்ணைக் கழுவுங்கள். கறுத்ததைச் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் பிழைக்கும். நடுவரை பழுப்பென்றால் வீசிவிடுங்கள், கூட்டெருக் குழியில் போடாதீர்கள். பிழைப்பதை அரை நாள் நிழலில் உலரவிட்டு, மண், பருமணல், கூட்டெரு சம அளவு கலந்த புதுச் சாடியில் நடுங்கள். வேர் உள்ளே, குருத்து மண்ணுக்கு மேலே 1 அல்லது 2 சென்ரிமீற்றர். ஒன்றிரண்டு தடவை தண்ணீர் ஊற்றியதும் புதுமண் அமுங்கும், செடியும் கூடவே இறங்கும். அதனால் கொஞ்சம் தூக்கியே நடுங்கள். ஆடினால் சுற்றிலும் வேர்ப்பக்க மண்ணை விரலால் அழுத்துங்கள், குவிக்காதீர்கள். வேர் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிடும்.

கே: எவ்வளவு தண்ணீர், எப்போது? (ஹட்டன்)

ப: மேல்மண் காய்ந்த பிறகு, காலையில், சாடி ஓரமாக. குருத்தில் ஒரு சொட்டும் விழக்கூடாது. மே முதல் செப்டம்பர் வரை மழைக்கு ஒதுக்கி வையுங்கள். ஆனால் தகரக் கூரையின் விளிம்புக்கு நேர்கீழே வைத்தால், மழையில் வைத்ததைவிட மோசம்.

கே: இஸ்தோப்பில் வைத்து, மிஞ்சிய தேயிலை உரமும் போடுகிறேன். இலை காடாக இருக்கிறது, பூ இல்லை. (பண்டாரவளை)

ப: தேயிலை உரம் கொழுந்து வளர்க்கத்தான், நைதரசன் அதிகம். உங்களுக்கும் இலைதான் கிடைத்தது. அதை நிறுத்தி, பொட்டாசியம் கூடிய பூச்செடி உரம் கொஞ்சமாகப் போடுங்கள். தினம் ஐந்தாறு மணி நேரம் வெயில் விழும் இடத்துக்கு மாற்றுங்கள், காலை வெயில் நல்லது. இரண்டு மூன்று வருடப் பழைய தூர் நெருங்கிவிட்டால் வேரோடு பிரித்து நடுங்கள். அப்போதும் குருத்து மண்ணுக்கு மேலே!

கே: பூவைக் கத்தரியால் வெட்டலாமா? (வெலிமடை)

ப: கூடாது. காம்பின் அடியைப் பிடித்து, பக்கவாட்டில் திருகி இழுங்கள். வெட்டினால் மிஞ்சும் கட்டை அழுகி, அழுகல் குருத்துக்குள் இறங்கும்.