இரண்டு மணப்பெண்கள் இருக்கும் கல்யாணத்தில் தாலியும் தாரை வார்த்தலும்

"நானும் என் காதலியும் சடங்குகளோடு கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். மாப்பிள்ளை, பெண் என்ற பிரிவு வேண்டாம். எதை மாற்றுவது?"

மாலை மாற்றலையும் ஊஞ்சலையும் தொடவே வேண்டாம். அவற்றில் இருவரும் ஒரே மாதிரிதான் பங்கெடுக்கிறார்கள். சிக்கல் கன்னிகாதானத்தில். ஒருவர் கொடுக்க, இன்னொருவர் வாங்குவது அது. என் அத்தை மகள் கல்யாணத்தில் தானத்தை விட்டுவிட்டு நீரை மட்டும் வைத்துக்கொண்டோம். இருவரும் ஒரே தேங்காயைச் சேர்ந்து பிடித்துக்கொள்ள, இரண்டு அம்மாக்களும் ஒரே சொம்பைப் பிடித்து அதன்மேல் நீர் வார்த்தார்கள். அத்தையின் கை நடுங்கியது, சம்பந்தியம்மாள் தாங்கிக்கொண்டார்.

தாலியை ஒருவருக்கொருவர் கட்டுங்கள். நாத்தனார் போடும் முடிச்சை இருபக்கத்து உடன்பிறந்தவர்களும் போடலாம். 'மாங்கல்யம் தந்துநானேன' மந்திரத்தில் 'சுபகே' என்பது பெண்ணை விளிப்பது. உங்களுக்கு இரண்டு முறையும் அப்படியே பொருந்தும். இரண்டு ஆண்கள் என்றால் 'சுபக' என்று மாற்ற வேண்டும்.

சப்தபதியின் 7 அடிகளையும் கைகோத்துப் பக்கம் பக்கமாக வையுங்கள். ஏழாவது அடியில் கேட்பதே நட்பைத்தான்.

அப்புறம், இந்த மாற்றங்களைப் புரோகிதரிடம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மணவறையில் பழக்கதோஷத்தில் "மாப்பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்று வந்துவிடும்.